உப்பை அளவுகோலாக வைத்து மசாலா பாக்கெட்டைப் படிப்பது

சாம்பார் பொடி பாக்கெட்டின் முன்பக்கத்தில் மல்லியும் மிளகாயும் கறிவேப்பிலையும் அழகாகச் சிதறிக் கிடக்கும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

நம் நாட்டு லேபிள் விதிப்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். எது எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் போட மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு பொருளின் அளவை நாமே கணக்குப் போட்டுவிடலாம். அதுதான் உப்பு.

ஊட்டச்சத்துக் கட்டத்தில் நூறு கிராமுக்குச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். மல்லி, சீரகம் போன்றவற்றில் இயல்பாக இருக்கும் சோடியம் மிகக் கொஞ்சம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அஜினோமோட்டோ (ஐஎன்எஸ் 621) சேர்த்த பொடியில் மட்டும் கணக்கு பிசகும், அதிலும் சோடியம் உண்டு.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சேர்மான வரிசை இப்படி இருக்கிறது: மல்லி, துவரம்பருப்பு, மிளகாய், உப்பு, மஞ்சள், வெந்தயம், மிளகு, சீரகம், பெருங்காயம். சோடியம் 3,200 மில்லிகிராம். இரண்டரையால் பெருக்கினால் 8,000 மில்லிகிராம், அதாவது நூறு கிராம் பொடியில் எட்டு கிராம் உப்பு. இப்போது வரிசையைத் திரும்பப் படியுங்கள். உப்புக்கு முன்னால் நிற்கும் பருப்பும் மிளகாயும் எட்டு சதவீதத்துக்குக் குறையாது. பின்னால் நிற்கும் மிளகும் சீரகமும் எட்டைத் தாண்ட முடியாது. கம்பெனி சொல்லாத விகிதம் ஓரளவு வெளியே வந்துவிட்டது.

கரம் மசாலாவில் இந்தக் கணக்கு இன்னும் பேசும். ஏலக்காய், கிராம்பு, பட்டைக்காகத்தான் அதற்கு அந்த விலை. அவை மூன்றும் உப்புக்குப் பின்னால் நின்றால், கிலோ சில பத்து ரூபாய் விற்கும் உப்பு, ஆயிரக்கணக்கில் விற்கும் ஏலக்காயைவிட அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இது வியாபார சாமர்த்தியமாகத்தான் படுகிறது. வீட்டில் வறுத்து மிஷினுக்குக் கொண்டுபோகிறவர்களும் வண்டு வராமலிருக்கக் கொஞ்சம் கல்லுப்பு போடுவதுண்டு. அது கைப்பிடியோடு நின்றுவிடும்.

உடம்பு விஷயமாகவும் பார்க்கலாம். நாலு பேருக்கான சாம்பாரில் மேலே சொன்ன பொடியைப் பன்னிரண்டு கிராம் போட்டால் உள்ளே போகும் உப்பு சுமார் ஒரு கிராம். பெரிதில்லை. பிரியாணி, சிக்கன் மசாலா வகை ரெடி மிக்ஸில் உப்பு இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அங்கே பொடியைப் போட்டு, ருசி பார்த்த பிறகே தனி உப்பு போட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இது முக்கியம்.

இனி மாவு. சாம்பார் பொடியில் பருப்போ அரிசியோ இருந்தால் கலப்படம் என்று நினைக்க வேண்டாம், நம் வீட்டுப் பக்குவமே அதுதான். ஆனால் பருப்பு மல்லியையும் முந்திக்கொண்டு முதலில் நின்றால் நாம் வாங்குவது பெரும்பாலும் பருப்புப் பொடி. கரம் மசாலாவில் அரிசி மாவு, சோள மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது எடைக்குப் போட்டதுதான், மணத்துக்கு அல்ல. அயோடின் சொட்டு விட்டு நீலமானால் மாவுக் கலப்படம் என்று ஒரு சோதனை சொல்வார்கள். மசாலாக் கலவைக்கு அதை நம்ப முடியாது. பருப்பில் மட்டுமல்ல, மிளகிலும் சுக்கிலும் மஞ்சளிலும்கூட இயற்கையாகவே மாவுச்சத்து இருக்கிறது. சுத்தமான பொடியும் நீலமாகும்.

பெருங்காயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோந்தும் கோதுமை மாவோ அரிசி மாவோ சேரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படிக்க வேண்டும்.

ஐஎன்எஸ் 551 என்று இருந்தால் அது சிலிக்கான் டையாக்சைடு, பொடி கட்டி தட்டாமலிருக்கச் சேர்ப்பது. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் உப்பு நீரை இழுக்கும். உப்பு நிறைய உள்ள பொடி அதனாலேயே சீக்கிரம் கட்டியாகும்.

எண்ணெயை மட்டும் ஊட்டச்சத்துக் கட்டம் காட்டிக்கொடுக்காது. மல்லி விதையிலேயே இயல்பாகக் கொழுப்பு கணிசமாக உண்டு, அதனால் பொடியில் பத்துப் பதினைந்து கிராம் கொழுப்பு இருப்பது சாதாரணம். சேர்த்த எண்ணெய் சேர்மான வரிசையில்தான் தெரியும். மிளகாய்த்தூளில் இரண்டு சதவீதம் வரை சமையல் எண்ணெய் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது, எந்த எண்ணெய் என்று லேபிளில் சொல்லிவிட வேண்டும். நிறம் பளிச்சென்று தெரியவும் தூள் பறக்காமலிருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பொடியைச் சிறிய பாக்கெட்டாக வாங்குவது நல்லது. பிரித்து நாளான பிறகு மூடியைத் திறந்ததும் மிளகாய் நெடிக்கு முன்னால் சிக்கு வாடை வந்தால், தேதி பாக்கி இருந்தாலும் கொட்டிவிடலாம்.