5 வோல்ட் பாடம், 7 அட்டைகள்

பாலிடெக்னிக் ஆனாலும் ஐடிஐ ஆனாலும், எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனவர்களுக்கு ஒரு பாடம் தவறாமல் வரும். வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட் டிசியாக மாற்றும் பவர் சப்ளை. ஆசிரியர் கரும்பலகையின் இடது ஓரத்தில் 230 வோல்ட் என்று எழுதித் தொடங்குவார். டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடுகள், ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர், 7805 ரெகுலேட்டர், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு செராமிக் கபாசிட்டர் என்று வரைந்துகொண்டே போய், ஒரு ரெசிஸ்டரும் எல்இடியும் போட்டு வலது ஓரத்தில் முடிப்பார். மாணவர்களும் அழகாக எழுதிக்கொள்வார்கள். மறுநாள் லேபில் அதே பொருட்களை ஒரு டப்பாவில் கொட்டி, “எடுத்துக் கோருங்கள்” என்றால் பலரும் விழிப்பார்கள்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடம் மின்சாரம் ஓடும் வரிசையில் நடந்தது. டப்பாவில் அந்த வரிசை கிடையாது. கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான் முதல். ஆகவே நோட்டில் எழுதியதைத் துண்டுதுண்டாக வெட்டி அட்டையில் ஏற்றினால் அடையாள அட்டை ஆகிவிடாது. பாடத்தைப் பொருளின் பக்கத்திலிருந்து திருப்பி எழுத வேண்டும்.

இந்தப் பாடத்துக்கு ஏழு அட்டைகள் போதும். நான்கு டையோடுகளும் ஒரே அட்டை. இரண்டு செராமிக் கபாசிட்டர்களும் ஒரே அட்டை. ஆனால் எலக்ட்ரோலிட்டிக்கையும் செராமிக்கையும் “கபாசிட்டர்” என்று ஒரே அட்டையில் அடைக்கக்கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் தோற்றம், குறியீடு, வேலை மூன்றும் வேறு.

அட்டையின் முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இருக்கட்டும்: உடம்பின் படம், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து, கால்கள், கோடு, நிறம். படம் வரைய வராதவர்கள் பொருளையே செலோ டேப்பால் ஒட்டிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர மற்றவை சில ரூபாயில் கிடைப்பவைதான். பெயர், குறியீடு, வேலை, மதிப்பு எல்லாம் பின்பக்கம். குறியீட்டை முன்பக்கம் போடுவதுதான் பலருடைய வழக்கம். தேர்வுக்கு அது உதவும். லேப் மேசையில் எந்தப் பொருளும் குறியீட்டைச் சுமந்துகொண்டு வருவதில்லை. தேர்வுக்குப் படிக்கும்போது அதே அட்டையைத் திருப்பிப் பிடித்து, குறியீட்டைப் பார்த்துப் பொருளைச் சொன்னால் ஆயிற்று.

குறியீட்டில் ஒரு சிக்கல் உண்டு. ரெசிஸ்டருக்கு நம் பாடநூல்களில் பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும் கோடு இருக்கும். ஐரோப்பிய வரைபடங்களில் வெறும் செவ்வகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிடுவது நல்லது. எலக்ட்ரோலிட்டிக்கின் குறியீட்டில் கூட்டல் அடையாளம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரைந்தால் அது செராமிக்கின் அட்டை ஆகிவிடும்.

அடுத்தது வேலை. “கபாசிட்டர்: மின்னூட்டத்தைச் சேமிக்கும்” என்று எழுதிய அட்டைகளை நிறையப் பார்க்கலாம். பொய்யில்லை, ஆனால் இந்தச் சர்க்யூட்டில் இருக்கும் மூன்று கபாசிட்டர்களுக்கும் அதுவே பொருந்துமே! பெரியது எதற்கு, சிறியது எதற்கு என்று அட்டை சொல்ல வேண்டும். டையோடுகளிலிருந்து வருவது மேடும் பள்ளமுமான மின்னழுத்தம். வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பள்ளம் வரும்போது தன்னிடம் உள்ளதைக் கொடுத்து அதை நிரப்புவது எலக்ட்ரோலிட்டிக்கின் வேலை. செராமிக் இரண்டும் 7805-இன் கால்களை ஒட்டி நின்று, ரெகுலேட்டர் தானாகவே அலைவுறாமலும், வெளியே திடீரென்று மின்னோட்டம் கூடிக் குறையும்போது தடுமாறாமலும் பார்த்துக்கொள்கின்றன. வாக்கியத்தில் “இந்தச் சர்க்யூட்டில்” என்ற சொல்லைப் போட்டு எழுதிப் பாருங்கள். மழுப்பலான விளக்கம் தானாக விழுந்துவிடும்.

மதிப்பு என்ற கட்டம்தான் அதிகம் ஏமாற்றுவது. வகுப்பில் ஆசிரியர் எண்களை மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார். அவை எல்லாம் ஒரே இனம் இல்லை. சில எண்கள் அந்தப் பொருள் தாங்கும் எல்லை. சில, இந்தச் சர்க்யூட்டின் தேவை. இன்னும் சில, கடையில் கிடைக்கும் அளவு. அட்டையில் இவற்றைத் தனித்தனி வரியில் எழுதாவிட்டால் பிறகு பிரித்தறிய வழியில்லை.

அந்தப் பெரிய கபாசிட்டரையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் “1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்” என்று சொல்லியிருப்பார். அந்த 25 வோல்ட்டை அது கொடுக்கும் மின்னழுத்தம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது எல்லை; அதற்கு மேல் தாங்காது என்று பொருள். உண்மையில் அதன்மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர் தருவது 9 வோல்ட் ஏசி. அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 12.7 வோல்ட். பிரிட்ஜில் எந்த நேரமும் இரண்டு டையோடுகள் வழியே மின்சாரம் போவதால் ஒன்றுக்கு 0.7 வீதம் 1.4 வோல்ட் கழியும். மிச்சம் 11.3. அப்படியானால் 16 வோல்ட் கபாசிட்டர் போதாதா? காகிதத்தில் போதும். ஆனால் சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் 9 வோல்ட்டுக்கு மேலேயே தரும். வீட்டு மின்சாரமும் எப்போதும் 230-இல் நிற்பதில்லை. அதனால்தான் அடுத்த அளவான 25.

இனி 1000 மைக்ரோஃபாரட். இது கபாசிட்டரின் பொதுக்குணம் இல்லை. சர்க்யூட் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. பள்ளத்தின் ஆழத்தைத் தோராயமாகச் சொல்லும் கணக்கு இது:

```
ΔV = I / (f × C)
```

கால் ஆம்பியர் இழுத்தால் 0.25-ஐ 100-ஆலும் 0.001-ஆலும் வகுக்க வேண்டும், 2.5 வோல்ட் வரும். 11.3-இலிருந்து 8.8 வரை இறங்கி மறுபடி ஏறும். 7805-க்கு வெளியே 5 வோல்ட் தர, உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வேண்டும். 8.8 இருப்பதால் கவலையில்லை. அதே அட்டையை நம்பி ஒருவர் அரை ஆம்பியர் இழுக்கும் வேலைக்கு 1000-ஐப் போட்டால் பள்ளம் 5 வோல்ட். 6.3-க்கு இறங்கிவிடும். ரெகுலேட்டர் பிடி நழுவி, 5 வோல்ட்டில் வினாடிக்கு 100 முறை குழி விழும். ஆடியோ சர்க்யூட் என்றால் ஸ்பீக்கரில் உறுமலாகவே கேட்கும். 2200 போட்டால் பள்ளம் 2.3 வோல்ட்டாகக் குறைந்து சரியாகிவிடும். ஆகவே அந்த அட்டையின் பின்பக்கம் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

எல்லை: 25 வோல்ட். கால் மாறக்கூடாது.
இந்தச் சர்க்யூட்டில்: 11.3 வோல்ட் ஏறும். கால் ஆம்பியருக்கு 1000, அரை ஆம்பியருக்கு 2200 மைக்ரோஃபாரட்.
கடையில்: 470, 1000, 2200, 16, 25, 35 வோல்ட்.

மற்ற அட்டைகளுக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ரெசிஸ்டருக்கு மட்டும் கடை வரி முக்கியம். எல்இடியில் 2 வோல்ட் விழும், 10 மில்லி ஆம்பியர் போதும் என்று வைத்து ஆசிரியர் 3-ஐ 0.01-ஆல் வகுத்து 300 ஓம் என்று எழுதுவார். ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் போய் 300 கேட்டால் பெரும்பாலும் 330-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வழக்கமான வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகிறது. 300 அதில் இல்லை. 330 போட்டால் மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியர். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அட்டையின் முன்பக்கம் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, தங்கம் என்ற நான்கு பட்டைகளை வண்ணத்திலேயே தீட்டிவிடலாம். செராமிக்கில் அச்சிட்டிருக்கும் 104 என்பதும் இதே கணக்குதான்: 10-க்குப் பின் நான்கு சுழி, பிக்கோஃபாரட்டில். அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 104 என்றால் 104 பிக்கோஃபாரட் என்று எழுதிய அட்டை ஆயிரம் மடங்கு பிழையானது.

பொருளின் உடம்பில் போட்டிருக்கும் கோட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1N4007 டையோடில் வெள்ளிக் கோடு கேத்தோடு பக்கம். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பக்கவாட்டுக் கோடு எதிர்மறைக் காலைக் காட்டும். இரண்டையும் பார்த்தவர் “கோடு என்றால் மைனஸ்” என்று தானே ஒரு விதி வகுத்துக்கொள்வார். டான்டலம் கபாசிட்டர் வந்தால் அந்த விதி கவிழும். அதில் கோடு நேர்மறைக் காலுக்கு. அலுமினியக் கபாசிட்டரைத் தலைகீழாகப் போட்டால் சூடேறி, உச்சியில் கீறிவைத்திருக்கும் இடத்தில் பிதுங்கி உடையும். டான்டலம் தீப்பிடிக்கவே வாய்ப்புண்டு. ஆகையால் அட்டையில் “கோடு: மைனஸ்” என்று எழுதினால் போதாது, “இந்த வகையில் கோடு: மைனஸ்” என்று எழுதுங்கள். சந்தேகம் வந்தால் டையோடை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம்: டையோடு சோதனையில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், முனைகளை மாற்றினால் காட்டாது. காட்டும்போது கறுப்பு முனை தொடும் காலே கேத்தோடு.

7805 அட்டையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து உள்ளே, தரை, வெளியே. 7905 பார்ப்பதற்கு இதன் இரட்டை போலவே இருக்கும். அது மைனஸ் 5 வோல்ட்டுக்கு, அதன் வரிசை தரை, உள்ளே, வெளியே. முதுகில் இருக்கும் உலோகத் தகடு 7805-இல் தரையோடு இணைந்தது; 7905-இல் உள்ளே வரும் காலோடு. “1 ஆம்பியர் தரும்” என்ற வரிக்குப் பக்கத்தில் ஹீட்சிங்க்கையும் எழுதிவிட வேண்டும். நம் சர்க்யூட்டில் அரை ஆம்பியர் எடுத்தாலே சராசரியாக 10 வோல்ட் உள்ளே வந்து 5 வெளியே போகும். மீதி 5 வோல்ட் இரண்டரை வாட் சூடாக அதன்மேல் இறங்கும். தகட்டில் ஹீட்சிங்க் மாட்டாவிட்டால் சூடு எல்லை மீறி, அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

இந்த ஏழு அட்டைகளும் கால் வைத்த, பெரிய பொருட்களுக்கு நன்றாக உதவும். பழைய மொபைல் சார்ஜரைத் திறந்தால் போர்டின்மேல் கடுகளவில் ஒட்டியிருக்கும் வகை வேறு. ரெசிஸ்டர் என்றால் 331 என்று எழுதியிருக்கும், 33-க்குப் பின் ஒரு சுழி என்று படித்து 330 ஓம் என்று சொல்லிவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் பழுப்பு நிறச் செராமிக் கபாசிட்டரில் பெரும்பாலும் எந்த எழுத்தும் இருக்காது. அதற்கு அட்டை போட்டாலும் முன்பக்கத்தில் “பழுப்பு, எழுத்து இல்லை” என்றும், பின்பக்கத்தில் “ஒரு முனையையாவது போர்டிலிருந்து பிரித்து மீட்டரில் அளக்கவும்” என்றும்தான் எழுத முடியும்.