புதன்கிழமை 13 மூடிகள் பழுது

தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தில் இப்படி ஒரு கேள்வி வரும். ஓர் ஆலை பாட்டில் மூடி செய்கிறது. தினமும் 200 மூடிகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். பல மாதக் கணக்கில் சராசரியாக 4 சதவீதம், அதாவது நாளைக்கு 8 மூடிகள் பழுது. இந்த வாரம் திங்கள் 8, செவ்வாய் 5, புதன் 13. மேலாளர் புதன்கிழமை ஷிப்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார். கேட்பது நியாயமா?

செவ்வாயைவிட இரண்டரை மடங்கு கூடியிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது. எந்திரம், பிளாஸ்டிக், ஆட்கள் எதுவுமே மாறாவிட்டாலும் 200 மூடிகளில் தினமும் சரியாக 8 மட்டும் பழுதாக வராது. எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். எவ்வளவு தூரம் ஏறி இறங்கலாம் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு வழியை 1924 மே மாதத்தில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சிறு குறிப்பாக எழுதி, வரைபடமும் போட்டுக் கொடுத்தார். கணக்கு எளிது. 200-ஐ 0.04-ஆலும் 0.96-ஆலும் பெருக்கினால் 7.68. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.8. இதுவே ஒரு சிக்மா, அதாவது இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவு. சராசரிக்கு மேலே மூன்று சிக்மா தள்ளி ஒரு கோடு போட்டால் அது 16-ஐ ஒட்டி விழும். கீழே போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும் என்பதால் இங்கே கீழ்க்கோடு கிடையாது.

ஆக, 13 கோட்டுக்குள்தான் இருக்கிறது. புதன்கிழமைக்கென்று தனிக் காரணம் தேட இந்த எண் இடம் தரவில்லை. 17 வந்திருந்தால் தேடத்தான் வேண்டும். கோட்டைத் தாண்டாமலே எட்டு நாள் தொடர்ந்து சராசரிக்கு மேலேயே புள்ளிகள் விழுந்தாலும் தேட வேண்டும். எதுவும் மாறாதபோது அப்படி நேர வாய்ப்பு 256-இல் ஒன்றுக்கும் குறைவுதான்.

இல்லாத காரணத்தைத் தேடினால் நேரம் மட்டும் வீணாவதில்லை. விளக்கம் கேட்கப்பட்ட ஆள் அச்சின் சூட்டைக் கொஞ்சம் கூட்டுவார், மறுநாள் குறைப்பார். புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு புனல் வழியே கோலியைப் போட்டு இதைச் செய்து காட்டினார். ஒவ்வொரு கோலியும் குறியிலிருந்து விலகிய அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், சிதறலின் அளவான மாறுபாட்டெண் குறையாது, இரட்டிப்பாகும்.

ஆனால் இந்த விடையோடு கேள்வி முடியவில்லை. வரைபடம் ஆலை சீராக ஓடுகிறது என்றுதான் சொன்னது, நன்றாக ஓடுகிறது என்று சொல்லவில்லை. ஆயிரத்துக்கு 40 மூடிகளைச் சீராகப் பழுதாக்கும் ஆலை அது. வரைபடத்தின் கோடுகள் ஆலையின் பழைய கணக்கிலிருந்து வருகின்றன. மூடியின் விட்டம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லையோ வாங்குபவரிடமிருந்து வருகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு என்பேன். 4 சதவீதத்தைக் குறைக்க வேண்டுமானால் புதன்கிழமையை விட்டுவிட்டு, எல்லா நாளுக்கும் பொதுவான அச்சையும் மூலப்பொருளையும் மாற்ற வேண்டும்.

1980-களில் மோட்டோரோலா நிறுவனம் கையில் எடுத்த சிக்ஸ் சிக்மா அந்த இரண்டாவது எல்லையைப் பற்றியது. விட்டத்தின் சராசரிக்கும் வாங்குபவர் வைத்த எல்லைக்கும் இடையே இரு பக்கமும் ஆறு சிக்மா இடைவெளி இருக்கும் அளவுக்கு ஏற்ற இறக்கத்தைச் சுருக்க வேண்டும் என்றார்கள். பத்து லட்சத்துக்கு 3.4 பழுது என்ற புகழ்பெற்ற எண் இங்கிருந்து வந்தது. மணி வடிவப் பரவலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு அது கிடைக்காது. நூறு கோடிக்கு இரண்டு என்றுதான் வரும். நாளடைவில் சராசரி ஒன்றரை சிக்மா நகர்ந்துவிடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வதால் ஒரு பக்கத்தில் நாலரை சிக்மா மட்டும் மிஞ்சுகிறது. 3.4 அந்த நாலரைக்கு உரியது. அந்த ஒன்றரை ஓர் அனுமானம்தான். எல்லா எந்திரமும் அதே அளவுக்கு நகரும் என்பதற்கு எந்த விதியும் இல்லை.

அந்த நிலையை எட்டிய ஆலையில் நம் பழைய வரைபடம் பயன்படாது. தினம் 200 மூடிகளைச் சோதித்தால் ஒரு பழுது கண்ணில் படவே சராசரியாக நான்கு வருடம் ஆகும். அதனால் அங்கே பழுதை எண்ணுவதை விட்டுவிட்டு விட்டத்தை அளக்கிறார்கள். மணிக்கு ஐந்து மூடிகளை எடுத்து, அவற்றின் சராசரியை ஒரு வரைபடத்திலும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொன்றிலும் குறித்தால் போதும். அச்சு தேயத் தொடங்கினால், ஒரு மூடிகூட வாங்குபவரின் எல்லையைத் தாண்டாத நிலையிலேயே சராசரிப் புள்ளிகள் ஒரு பக்கமாக நகருவது தெரிந்துவிடும்.