வேனில் இல்லாத விரிசல்

லண்டனில் தொழில் செய்யும் ஒருவருடைய வேனின் படம் சமூக வலைதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. யாரோ அதை எடுத்தார்கள். பம்பரில் ஒரு விரிசலைக் கணினியில் வரைந்து சேர்த்தார்கள். பழுதுபார்க்க ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆனதாக ஒரு ரசீதையும் தயாரித்து, காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டார்கள். வேன் என்னவோ கீறல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2024இல் இந்தக் கதையை வெளியே சொன்னது பிரிட்டனின் அலியான்ஸ் நிறுவனம். செயலிகளைக் கொண்டு இப்படித் திருத்திய படங்களும் ஆவணங்களும் 2021-22க்கும் 2022-23க்கும் இடையே 300 சதவீதம் கூடிவிட்டதாகவும் அது கணக்குச் சொன்னது.

இவர்கள் மோசடிக்காரர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சிக்கல் அடுத்த வகை ஆட்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் வண்டி உண்மையிலேயே இடிபட்டிருக்கும். பிரீமியமும் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள். கையில் போன் இருக்கிறது, படத்தைத் திருத்தும் செயலியும் இருக்கிறது. "கம்பெனிக்காரன் எப்படியும் குறைத்துத்தான் கொடுப்பான், நாம் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் என்ன?" என்று ஒரு கணக்கும் மனதில் ஓடும்.

ஒரு காரை வைத்துக்கொள்வோம். முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் உடைந்துவிட்டன. ஒர்க்‌ஷாப்பில் 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தருகிறார்கள். அதே காரின் பின்கதவில், ஆறு மாதத்துக்கு முன் தெருமுனைச் சுவரில் உரசிய சொட்டை ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. உரிமையாளர் கதவையும் படம் எடுத்து, துருவின் பழுப்பு நிறத்தை அழித்து, தகரம் புதிதாக மின்னுவதுபோல் ஆக்கி, இதுவும் அதே விபத்தில் ஆனதுதான் என்று சேர்த்து அனுப்புகிறார். டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து எஸ்டிமேட் 46,000 ஆகிறது. கூடுதலாக வருவது 8,000 ரூபாய்.

இந்தத் தொகைக்கு ஒரு விசேஷம் உண்டு. மோட்டார் வாகன இழப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு விதி. அதற்குக் கீழே இருப்பவற்றைப் பெரும்பாலும் படங்களையும் வீடியோவையும் வைத்தே நிறுவனங்கள் முடித்துவிடுகின்றன. ஆள் வந்து தொட்டுப் பார்க்காத இடத்தில், படம்தான் சாட்சி. அந்தச் சாட்சியைக் கலைத்த பிறகு மிஞ்சுவது பொய்ச்சாட்சிதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பேச்சுவழக்கில் ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்ட பழைய 420ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவுக்குள் இடம் மாறிவிட்டது. ஒருவரை வஞ்சித்து, அந்த வஞ்சனையால் அவரைப் பணமோ பொருளோ கொடுக்க வைத்தால் அது ஏமாற்று. ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இந்தப் பிரிவோடு சில உதாரணங்களும் தரப்பட்டிருக்கின்றன. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருபவை. பொருளின் பொய்யான மாதிரியைக் காட்டி, சரக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பவைத்துக் காசு வாங்குவது அவற்றில் ஒன்று. டிஜிட்டல் படத்தைக் கனவிலும் கண்டிராதவர்கள் எழுதியது. ஆனாலும் துரு அழித்த கதவுக்கு அப்படியே பொருந்துகிறது. கதவின் மாதிரியாகத்தானே படம் காட்டப்படுகிறது?

செயலியில் கை வைப்பதே குற்றம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதே கதவின் படத்தைத் திருத்தி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பணம் தரவோ, வேலை தரவோ, அனுமதி தரவோ ஒருவர் அதை நம்பி முடிவெடுக்கப்போகிறார் என்று தெரிந்தே கொடுக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது. பணம் கைக்கு வராவிட்டாலும் தப்பிக்க முடியாது. முயற்சிக்கும் தண்டனை உண்டு. மூலக் குற்றத்துக்குரிய அதிகபட்சச் சிறையில் பாதி வரை போகலாம். போலி மின்னணுப் பதிவை அசலைப்போல் பயன்படுத்துவது தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மின்னணு வடிவில் உள்ள படமும் அத்தகைய பதிவுதான். ரசீதையும் சேர்த்துத் தயாரித்தவர்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் நெருக்கமாக வரும்.

சிறை வரை போகும் வழக்குகள் குறைவாகத்தான் இருக்கும். காப்பீட்டு ஒப்பந்தம் தரும் தண்டனையோ உடனே விழும். இந்தியாவில் வழக்கமாகத் தரப்படும் தீக்காப்பீட்டு பாலிசியின் நிபந்தனை ஒன்று, கோரிக்கை எந்த வகையிலாவது மோசடியாக இருந்தாலோ, அதற்கு ஆதரவாகப் பொய்யான அறிவிப்பு எதுவும் பயன்படுத்தப்பட்டாலோ பாலிசியின் எல்லாப் பலன்களும் பறிபோகும் என்கிறது. கடையில் உண்மையிலேயே தீப்பிடித்திருக்கலாம். எரியாத இரண்டு அலமாரிகளையும் படத்தில் கரியாக்கிக் காட்டியவர், எரிந்த சரக்குக்கான பணத்தையும் சேர்த்து இழப்பார். பிரிட்டனிலும் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, மோசடிக் கோரிக்கைக்கு நிறுவனம் எதுவும் தர வேண்டியதில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். மோசடி நடந்த நாளிலிருந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஒரு பொய் சொன்னால் எல்லாம் போய்விடுமா என்ற கேள்வி அங்கே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் தண்ணீர் புகுந்து, சுமார் 32 லட்சம் யூரோ சேதம். சேதம் உண்மை. ஆனால் எச்சரிக்கை மணி அடித்ததாகவும், கடல் கொந்தளிப்பால் அடிக்கிறது என்று மாலுமிகள் விட்டுவிட்டதாகவும் உரிமையாளர் தரப்பு கதை கட்டியது. கீழ் நீதிமன்றங்கள் முழு இழப்பீட்டையும் மறுத்தன. 2016இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர், அந்தப் பொய் இல்லாவிட்டாலும் அதே தொகை கிடைத்திருக்கும் என்பதால் கோரிக்கை செல்லும் என்றார்கள். நமது கார்க்காரர் இதைக் காட்டித் தப்ப முடியாது. கப்பல் உரிமையாளர் தொகையைக் கூட்டிக் கேட்கவில்லை. இவர் 8,000 கூட்டியிருக்கிறார். கூட்டிக் கேட்டால் முழுவதும் போகும் என்ற பழைய விதியை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

சேதத்தைச் சேர்ப்பது ஒரு பக்கம் என்றால், அழிப்பது மறுபக்கம். பாலிசி காலாவதியான பிறகு புதுப்பிக்கப் போனால், வண்டியின் இப்போதைய நிலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். 'பிரேக்-இன் இன்ஸ்பெக்ஷன்' என்பது அதற்குப் பெயர். ஏற்கெனவே உள்ள சொட்டைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குப் பணம் கேட்டால் மறுக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தப் படத்தில் பின்கதவுச் சொட்டையை அழித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே சொட்டைக்கு இழப்பீடு கேட்பவர் மாட்டிக்கொள்வது எளிது. அவருக்கு எதிரான ஆதாரத்தை அவரே நிறுவனத்தின் கணினியில் பத்திரமாகச் சேமித்துக் கொடுத்திருக்கிறார்.

பொய் எப்படிப் பிடிபடுகிறது? அனுபவமுள்ள சர்வேயருக்குக் கணினி தேவைப்படுவதே அபூர்வம். இடித்தது லாரி என்றால் அதன் பின்பக்கக் கம்பியின் உயரமும் காரின் சேதத்தின் உயரமும் பொருந்த வேண்டும். சொட்டை உண்மையில் புதியதென்றால் பெயின்ட் உரிந்த ஓரத்தில் அழுக்கு படிந்திருக்காது. முன்னால் இடித்த வண்டிக்குப் பின்கதவில் ஏன் சேதம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய உதிரிப் பாகத்தைக் காட்டச் சொல்வார். திருத்திய படத்திலோ உதிரிப் பாகம் கிடையாது.

படத்திலேயும் தடயங்கள் கிடக்கும். எடுத்த தேதி, கேமரா மாடல், கடைசியாகச் சேமித்த மென்பொருளின் பெயர் எல்லாம் கோப்புக்குள் பதிவாகியிருக்கலாம். ஒட்டுப்போட்ட பகுதியின் புள்ளிகள் மற்ற இடங்களைப்போல் இருக்காது. நிழல் விழும் திசை ஒளி வரும் திசையோடு பொருந்தாமல் போகலாம். இணையத்தில் அதே படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவது சில விநாடி வேலை. இவை எல்லாவற்றுக்கும் வரம்பும் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலே தேதி முதலிய விவரங்கள் உதிர்ந்துவிடும். ஆகவே விவரம் இல்லாததை மட்டும் வைத்து ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான் பல நிறுவனங்கள் இப்போது தங்கள் செயலிக்குள்ளேயே நேரடியாகப் படம் எடுக்கச் சொல்கின்றன.

அரசு அலுவலகங்களும் இதே பாதையில் போகின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தொழிலாளர் வருகையைச் செயலியில் படமெடுத்துப் பதிவு செய்யும் முறையை, 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் அலசியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றியது, பழைய படத்தையே மறுபடி படம் பிடித்து அனுப்பியது போன்ற முறைகேடுகளை அது பட்டியலிட்டது. இங்கே யாரும் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. இருந்தும் இல்லாத வேலையைப் படம் இருப்பதாகச் சொன்னது. படத்தைத் திருத்துவதும் பொருத்தமில்லாத படத்தைத் தருவதும் கருவூலத்துக்கு ஒன்றுதான்.

தேர்வு விண்ணப்பத்தில் பொருளுக்குப் பதில் முகம். தமிழ்நாட்டுக்கு இது 2019இல் உறைத்தது. தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவருக்காக வேறொருவர் நீட் எழுதியது, அனுமதிச்சீட்டில் இருந்த படமும் ஆளும் ஒத்துப்போகாததால் வெளிப்பட்டது. சிபிசிஐடி விசாரணையில் மேலும் சில மாணவர்களும் பெற்றோரும் கைதானார்கள். இப்போது மத்தியப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பிக்கும்போதே நேரலையில் படம் எடுக்கச் சொல்கிறது. தேர்வு நடத்தும் அமைப்புகள் காவல்துறைக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விண்ணப்பத்தை ரத்து செய்து, பல ஆண்டுகள் தேர்வெழுதத் தடையும் போட அவற்றின் விதிகளிலேயே இடமிருக்கிறது.

பிறகு எந்தத் திருத்தம்தான் சரி? விண்ணப்பம் கேட்கும் அளவுக்குப் படத்தைச் சுருக்கலாம். இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம். அமெரிக்க பாஸ்போர்ட் விதி அதையும் அனுமதிக்காமல், மென்பொருளால் மாற்றிய படமே வேண்டாம் என்கிறது. ஓரத்தை வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். குப்பைத்தொட்டி தெரிகிறதே என்று வெட்டினால் பாதகமில்லை. நம்பர் பிளேட்டையோ, பக்கத்தில் நிற்கும் இடிக்காத வண்டியையோ வெட்டினால் கேள்வி வரும்.

கிளெய்ம் போடுபவர்கள் மூலப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இடிபட்ட இடத்தை நெருக்கத்தில் ஒன்று, நம்பர் பிளேட்டோடு முழு வண்டியும் தெரிய ஒன்று என்று அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய சேதம் இருந்தால் அதைப் பழையது என்றே எழுதுங்கள். புதியதற்கான பணம் அதனால் குறையாது. "படத்தைக் கொஞ்சம் சரிபண்ணி நாங்களே அனுப்பிவிடுகிறோம்" என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னால், என்ன அனுப்பினார் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கோரிக்கைப் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.