இடது குறைக்கும், வலது கூட்டும். நடு என்ன செய்யும்?

நிலையத்திலிருந்து ஒரு மின்சார ரயில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விநாடிக்கு ஒரு முறை வேகமானியைப் பார்த்து ஒருவர் குறித்துக்கொள்கிறார். கிளம்பும்போது 0. பிறகு விநாடிக்கு 7 மீட்டர், 12, 15, நாற்பதாவது விநாடியில் 16. கடைசி எண் மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர் வேகம். இந்த ஐந்து எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ரயில் நாற்பது விநாடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல முடியுமா?

வேகம் மாறாமல் இருந்தால் கணக்கு எளிது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். இங்கே வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பத்து விநாடித் துண்டிலும் வேகம் மாறவில்லை என்று பாவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் இது ஒரு செவ்வகம்: அகலம் 10 விநாடி, உயரம் வேகம், பரப்பு தூரம். எந்த விநாடியின் வேகத்தை உயரமாக எடுப்பது என்பதுதான் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் படிக்கும் இடது முனை விதி, வலது முனை விதி, நடுப்புள்ளி விதி என்ற மூன்றும் இந்த ஒரு கேள்விக்கான மூன்று விடைகள்.

துண்டின் தொடக்க வேகத்தை எடுத்தால் இடது முனை. 0, 7, 12, 15 ஆகியவற்றைக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் 340 மீட்டர். துண்டின் இறுதி வேகத்தை எடுத்தால் வலது முனை. 7, 12, 15, 16 கூடி 500 மீட்டர் வருகிறது. ரயிலின் வேகம் ஏறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு துண்டிலும் தொடக்க வேகம்தான் ஆகக் குறைந்தது, இறுதி வேகம்தான் ஆக அதிகம். ஆகவே 340 நிச்சயம் குறைவு, 500 நிச்சயம் அதிகம். உண்மையான தூரம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

இடைவெளி 160 மீட்டர். இந்த எண்ணை இவ்வளவு கணக்குப் போடாமலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு கூட்டலிலும் 7, 12, 15 பொதுவாக வருகின்றன. இடதில் தனியாக இருப்பது முதல் வேகம் 0, வலதில் தனியாக இருப்பது கடைசி வேகம் 16. வித்தியாசம் 16, அகலம் 10, பெருக்கினால் 160. நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ நூலின் முதல் பகுதியில், இரண்டாவது துணைத்தேற்றமாக வைத்திருப்பது இதைத்தான். வளைகோட்டுக்கு உள்ளே அடங்கும் செவ்வகங்களுக்கும் அதை மூடி நிற்கும் செவ்வகங்களுக்கும் உள்ள வித்தியாசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே ஒரு செவ்வகம்தான் கிடைக்கும். அகலத்தைக் குறைக்கக் குறைக்க அதுவும் சுருங்கிக்கொண்டே போகும். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வேகத்தைக் குறித்திருந்தால் நம் இடைவெளி 80 மீட்டராகப் பாதியாகியிருக்கும்.

இப்போது நடுப்புள்ளி. நமது எடுத்துக்காட்டில் வேகம் ஒரு எளிய சூத்திரத்தின்படி ஏறுகிறது: பத்து விநாடியை ஓர் அலகாக வைத்து, நேரம் x என்றால் வேகம் 8x − x². அதன்படி 5, 15, 25, 35ஆவது விநாடிகளில் வேகம் 3.75, 9.75, 13.75, 15.75. கூட்டிப் பத்தால் பெருக்கினால் 430 மீட்டர். தொகையீடு செய்து பார்த்தால் உண்மையான தூரம் 426.67 மீட்டர். வெறும் நான்கு செவ்வகங்களில் பிழை மூன்றரை மீட்டருக்கும் குறைவு!

ஆனால் 430 ஏன் அதிகமாக வந்தது? வேகம் ஏறுவதாலா?

அதே ரயில் அடுத்த நிலையத்தில் நிற்கப்போகிறது. கிளம்பியதற்கு நேர்மாறாக 16, 15, 12, 7, 0 என்று வேகம் இறங்குகிறது. இப்போது இடது முனை 500 தருகிறது, வலது முனை 340. இரண்டும் இடம் மாறிவிட்டன. இறங்கும் சார்புக்கு இடது அதிகம், வலது குறைவு. நடுப்புள்ளியோ அசையவில்லை. அதே 430, அதே மிகை. ஏற்ற இறக்கம் இடதையும் வலதையும் ஆட்டுவிக்கிறது. நடுப்புள்ளியின் பிழை கூடுதலா குறைவா என்பதில் அதற்குப் பங்கே இல்லை. பல மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நடுப்புள்ளியின் பிழையைத் தீர்மானிப்பது வளைவு. நடுப்புள்ளிச் செவ்வகத்தின் மேல்விளிம்பு, தன் நடுவில் வளைகோட்டைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஓர் ஆணி அடித்து, விளிம்பை அதைச் சுற்றிச் சாய்ப்பதாக நினைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஒரு முக்கோணம் கூடும், மறுபக்கம் அதே அளவு முக்கோணம் குறையும். பரப்பு மாறாது. ஆகவே விளிம்பை வளைகோட்டின் தொடுகோடாகும் வரை சாய்த்துவிடலாம். ரயிலின் வேகக்கோடு கவிந்த வடிவம் கொண்டது. கவிந்த கோடு எப்போதும் தன் தொடுகோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அதனால்தான் நடுப்புள்ளி இங்கே அதிகமாகச் சொல்கிறது, ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. குழிந்த கோடாக இருந்தால் தொடுகோடு கீழே போய்விடும், நடுப்புள்ளி குறைவாகச் சொல்லும்.

இனி ஒரு பொறி. ரயில் கிளம்பி, வேகமெடுத்து, மறுபடி நிற்கும் முழு எண்பது விநாடியையும் ஒரே மூச்சில் கணக்கிட்டால், இடது முனை 840 மீட்டர் என்கிறது. வலது முனையும் 840 என்கிறது. இரண்டும் ஒத்துப்போவதால் இதுவே சரியான விடை என்று தோன்றும். உண்மையான தூரம் 853.33 மீட்டர். முதல் வேகமும் கடைசி வேகமும் பூஜ்யம் என்பதால்தான் அவை ஒன்றாயின. துல்லியம் அதற்குக் காரணமில்லை. சார்பு ஏறி இறங்கினால், உண்மை விடை இரண்டுக்கும் நடுவே இருக்கும் என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. உச்சியில் வெட்டி, ஏறும் பகுதிக்கும் இறங்கும் பகுதிக்கும் தனித்தனியே எல்லை கட்டினால் 680 முதல் 1000 வரை என்று வரும். அகலமான எல்லைதான், ஆனால் பொய் சொல்லாத எல்லை.

குழிந்து இறங்கும் கோட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு, இரத்தத்தில் கலந்த மருந்து. பல மருந்துகளின் அளவு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது: 80, 40, 20, 10, 5 என்று. அந்தக் கோட்டின் கீழுள்ள பரப்புதான் உடல் மொத்தம் எவ்வளவு மருந்தை எதிர்கொண்டது என்பதற்கான அளவு. பாதியாகும் நேரத்தை ஓர் அலகாக வைத்தால் இடது முனை 150, வலது முனை 75, நடுப்புள்ளி ஏறத்தாழ 106, உண்மை 108.2. எதிர்பார்த்தபடியே நடுப்புள்ளி சற்றுக் குறைவு. ஆனால் இரத்த மாதிரி எடுக்காத நடுநேரத்தின் அளவு ஆய்வாளர் கையில் இருக்காது. அதனால் இடதுக்கும் வலதுக்கும் சராசரி எடுக்கும் சரிவக விதியைப் பயன்படுத்துவார்கள். இங்கே அது 112.5 என்று அதிகமாகக் காட்டுகிறது. இந்த மிகையைத் தவிர்க்கத்தான் மருந்தியலில், அளவு ஏறும் பகுதிக்குச் சாதாரணச் சரிவக விதியையும், இறங்கும் பகுதிக்கு மடக்கை கலந்த விதியையும் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது.