முன்னாள் ஊழியரைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வது?

வேலைக்கு எடுக்கப் போகிறவரைப் பற்றி, அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்துக்கொள்வது இன்று பெரும்பாலான நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. இந்த விசாரணை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, வெரிஃபிகேஷன் ஏஜென்சியிடமிருந்து எச்.ஆர். பிரிவுக்கு வரும் படிவம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம் எனப் பதிவேட்டைப் பார்த்து நிரப்பக்கூடிய கேள்விகளே அதில் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, பழைய மேலாளருக்கே நேராக வரும் தொலைபேசி அழைப்பு. "ஆள் எப்படி, நம்பலாமா, ஏன் விலகினார், மறுபடியும் வந்தால் எடுப்பீர்களா?" என்ற கேள்விகள் அதில் வரும். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

பதில் சொல்பவர் இங்கே இரண்டு பேருக்குக் கடமைப்பட்டிருக்கிறார். கேட்கும் நிறுவனம் அவர் சொல்லை நம்பி ஒரு பொறுப்பை ஒருவர் கையில் கொடுக்கப் போகிறது. விலகிப்போன ஊழியரின் பிழைப்போ அந்தச் சில நிமிடப் பேச்சில் தொங்குகிறது. அதுவும் அவர் இல்லாத இடத்தில், அவர் மறுத்துப் பேச வழியில்லாமல் நடக்கும் பேச்சு அது. உண்மையை மறைத்தால் முதல் ஆளுக்குத் துரோகம். உண்மையைக் கோணலாகச் சொன்னால் இரண்டாவது ஆளுக்கு அநியாயம்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் அதில் இடமிருக்கிறது. அதே பிரிவு சில விதிவிலக்குகளையும் தருகிறது. இன்னொருவரின் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னது, கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த எச்சரிக்கை ஆகியவை அவதூறு ஆகாது. ஆனால் சட்டம் சொல்லும் நல்லெண்ணம் மனதில் கெட்ட நோக்கம் இல்லாதது மட்டும் அல்ல. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை. ஃபைலைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து பழி சொல்பவருக்கு அந்தக் கவசம் கிடைப்பது கடினம்.

இந்தக் கவனம் எவ்வளவு வேண்டும் என்பதை இங்கிலாந்து நீதிமன்றங்கள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. இந்திய நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது என்றாலும், அவற்றில் உள்ள நியாயம் எங்கும் பொருந்தும். 1994இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில், காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்த ஒருவர் நேர்மையற்றவர் என்று பழைய இடத்திலிருந்து எழுதப்பட்டது. எழுதியவரிடம் வன்மம் இல்லை, சரிபார்க்காமல் எழுதிவிட்டார். அப்படி எழுதும்போது கவனமாக இருப்பது அந்த ஊழியருக்கு முதலாளி செய்ய வேண்டிய கடமை என்று தீர்ப்பு வந்தது.

டி.எஸ்.பி. வங்கி எதிர் ஹாரிஸ் வழக்கு இன்னும் நுட்பமானது. ஒரு பெண் ஊழியரைப் பற்றி வேறொரு நிறுவனம் விசாரித்தபோது, அவர் மீது 17 புகார்கள் வந்திருப்பதாக வங்கி பதில் அனுப்பியது. எண்ணிக்கை சரிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதே இல்லை. விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தரப்படவில்லை. எண்ணிக்கை மெய்யாக இருந்தும் அந்தப் பதில் நியாயமானது அல்ல என்று தீர்ப்பாயம் கண்டது. ரெஃபரன்ஸ் தரும் யாருக்கும் இதிலிருந்து ஒரு உரைகல் கிடைக்கிறது: ஒரு குறை முன்பே அந்த ஊழியரிடம் சொல்லப்பட்டிருக்கிறதா, அதற்கு அவர் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறதா? இரண்டும் இல்லாத குறையை வெளியாளிடம் முதன்முதலாகச் சொல்வது முறையல்ல.

இதை ஒரு உதாரணத்தில் பொருத்திப் பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் தர ஆய்வு சூப்பர்வைசராக ஒருவர் 2020 ஜூனிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் கெட்டிக்காரர். கசிவு உள்ள பம்புகள் வெளியே போகாமல் பிடித்துவிடுவார். கடைசி ஆண்டில் இரண்டு மாதச் சோதனை அறிக்கைகளைத் தாமதமாகக் கொடுத்ததற்கு ஒரு மெமோ கொடுக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை என்று அவர் எழுத்தில் விளக்கம் கொடுத்தார். அதன்பின் அறிக்கைகள் நேரத்துக்கு வந்தன. விலகும்போது 30 நாள் நோட்டீஸ் தர வேண்டியவர் 12 நாளில் கிளம்பிவிட்டார். மீதி 18 நாளுக்கான தொகையை ஒப்பந்தப்படி கட்டிவிட்டுத்தான் போனார். அவர் ஷிஃப்டில் ஒருமுறை ஸ்டோரில் சில பேரிங்குகள் குறைந்தன. யாரையும் விசாரிக்கவில்லை, எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. இப்போது வேறொரு நிறுவனம் அவரைத் தர ஆய்வுப் பிரிவின் பொறுப்பாளராக எடுக்கப் பார்க்கிறது.

பழைய மேலாளர் போனில் சட்டென்று சொல்லக்கூடிய பதில் இப்படி இருக்கும்: "வேலையெல்லாம் தெரியும் சார். ஆனா ரிப்போர்ட் ஒண்ணும் டயத்துக்கு வராது. பாதியில விட்டுட்டுப் போயிட்டார். அவர் இருந்தப்ப ஸ்டோர்ல சாமான் குறைஞ்சது, அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது." இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு நிகழ்வு இருக்கிறது. ஆனாலும் மொத்தத்தில் கேட்பவர் மனதில் பதிவது, சோம்பேறி, பொறுப்பில்லாதவர், திருடக்கூடியவர் என்ற படம். இரண்டு தாமதங்கள் எப்போதும் தாமதம் என்று ஆகிவிட்டன. பணம் கட்டி முறைப்படி விலகியது ஓடிப்போனதாகிவிட்டது. பேரிங் விஷயத்தில் குற்றச்சாட்டே இல்லை. இருந்தும் பாதியில் நிறுத்திய பேச்சு அதைக் குற்றச்சாட்டாக்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "தங்கமான பையன், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவது கேட்டவருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. அந்தப் புதிய வேலையில் சோதனை அறிக்கைகளை வாடிக்கையாளருக்கு நேரத்தில் அனுப்புவதே முக்கியப் பொறுப்பாக இருக்கலாம். அதைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டிருக்கும்போது மெமோவை மறைப்பது பொய்க்குச் சமம்.

நியாயமான பதில் ஏறக்குறைய இப்படி அமையும்: "2020 ஜூன் முதல் 2023 ஆகஸ்ட் வரை எங்களிடம் தர ஆய்வு சூப்பர்வைசராக இருந்தார். பம்புகளின் குறைகளைக் கண்டுபிடிப்பதில் நம்பகமானவர். கடைசி ஆண்டில் இரண்டு மாத அறிக்கைகள் தாமதமானதால் ஒரு மெமோ கொடுத்தோம். ஆள் பற்றாக்குறையைக் காரணமாகச் சொன்னார். அதன்பின் தாமதம் இல்லை. நோட்டீஸ் காலத்தில் குறைந்த நாட்களுக்கான தொகையைக் கட்டிவிட்டு விலகினார். ஒரு பிரிவுக்கு முழுப் பொறுப்பேற்று நடத்தியதை நாங்கள் பார்த்ததில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்ல இயலாது." பேரிங் பேச்சு இதில் இல்லை, ஏனென்றால் அது யாரும் விசாரித்து அறிந்த செய்தி அல்ல. குறை சொன்ன இடத்திலேயே அதன் அளவு, காலம், பின்னர் நடந்த திருத்தம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிறுத்தியதும் நேர்மையின் ஒரு பகுதிதான்.

விசாரணை நடக்கும்போதே ராஜினாமா செய்துவிட்டுப் போனவரைப் பற்றிக் கேட்டால் நிலைமை கடினமாகிறது. மறைத்தால் கேட்பவர் ஏமாறுவார். குற்றவாளி என்றால் நிரூபிக்கப்படாததைச் சொன்னதாகும். 1998இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த பார்த்தலோமியூ எதிர் ஹாக்னி வழக்கு இப்படிப்பட்டதுதான். ஒருவர் விலகும்போது ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கத்தில் இருந்தார் என்று உள்ளாட்சி அமைப்பு எழுதியது. ரெஃபரன்ஸ் உண்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும், தவறான எண்ணத்தை உண்டாக்கக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை என்று கூறி, அது தவறல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே, "இன்ன புகார் குறித்து விசாரணை நடந்துகொண்டிருந்தது, முடிவு எட்டும் முன் விலகினார், அவர் புகாரை மறுத்திருந்தார்" என்ற அளவோடு நிற்பது சரியானது. குற்றம் நிரூபணமாகி நடவடிக்கை எடுத்திருந்தால், அந்த முடிவை ஃபைலில் உள்ளபடியே சொல்லலாம்.

சில விஷயங்கள் கேட்டாலும் சொல்லக்கூடாதவை. உடல்நிலை, பிரசவம், குடும்பத் தகராறு, சாதி, மதம், சங்கத்தில் இருந்தது ஆகியவை வேலைத்திறனின் அளவுகோல் அல்ல. இவை நேராக வராமல் வேறு வேஷத்திலும் வரும். ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தவரை "லீவு அதிகம் எடுப்பார்" என்று சொல்வது அப்படிப்பட்டதுதான்.

பதில் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. அழைப்பவர் தான் சொல்லும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்தானா என்பது போனில் தெரியாது. எனவே உடனே பதில் சொல்லாமல், நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து கேள்விகளையும், விசாரிப்பதற்கு ஊழியர் கொடுத்த ஒப்புதலையும் அனுப்பச் சொல்வது நல்லது. அதற்குள் ஃபைலைப் பார்த்துவிடலாம். "எழுத்துல வேணாம் சார், நமக்குள்ள சொல்லுங்க" என்ற வற்புறுத்தல் அடிக்கடி வரும். எழுத்தில் தர முடியாத ஒன்றைப் பேச்சில் தந்தால், யார் என்ன சொன்னார் என்பதற்கு ஆதாரமும் இருக்காது, பொறுப்பும் இருக்காது. போனிலேயே பதில் சொல்ல நேர்ந்தால் கேட்டவர் பெயர், தேதி, கேள்வி, சொன்ன பதில் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து ஊழியரின் ஃபைலில் வைக்க வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பல பெரிய நிறுவனங்கள் பதவியையும் தேதிகளையும் மட்டுமே உறுதிசெய்கின்றன. அது குறை அல்ல, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிடித்தவர்களுக்குப் பாராட்டும் பிடிக்காதவர்களுக்குத் தேதியும் என்றானால், அந்த மௌனமே ஒரு குற்றச்சாட்டாகிவிடும். அதேபோல, விலகும் ஊழியர் ஒருவர் ரெஃபரன்ஸுக்கு மேலாளரின் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்கும்போது, நல்லதாகச் சொல்ல முடியாது என்று தோன்றினால் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவர் வேறு ஒருவரை நாடுவதற்கு அது வழிவிடும்.