வலி போனதும் நோயாளியும் போய்விடுகிறார்: ஒரு பல் கிளினிக்கை வைத்து மார்க்கெட்டிங்கின் கடைசி மூன்று 'பி'-க்களைப் புரிந்துகொள்வோம்

எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு மார்க்கெட்டிங்கின் நான்கு 'பி' மனப்பாடமாகத் தெரியும்: புராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரமோஷன். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் வகுத்த பட்டியல் இது. சோப்பு, பிஸ்கட், டிவி விற்பவருக்கு இது போதும். ஆனால் பல் மருத்துவமனை நடத்துபவருக்கு?

அங்கே நான்கில் ஒன்று பெருமளவுக்குக் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. பல் மருத்துவர்களுக்கான 2014-ம் ஆண்டின் நெறிமுறை விதிகள், விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. சோப்பு நன்றாக இல்லையென்றால் இரண்டே நாளில் தெரிந்துவிடும். பல்லுக்குள் வேர்க்கால்வாய் முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டதா என்பது, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் நோயாளிக்குத் தெரியாது. பொருளாதாரத்தில் இதற்கு 'கிரெடன்ஸ் குட்' என்று பெயர். வாங்கிய பிறகும் தரத்தைச் சோதிக்க முடியாத, நம்பி மட்டுமே வாங்க வேண்டிய சரக்கு.

இந்த இடைவெளிக்காகத்தான் பெர்னார்ட் பூம்ஸ், மேரி ஜோ பிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-ல் சேவைத் தொழில்களுக்கென்று மூன்று 'பி'-க்களைச் சேர்த்தார்கள்: பீப்பிள், பிராசஸ், பிசிக்கல் எவிடென்ஸ். அதாவது மனிதர்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்று.

வரவேற்பறையில் சிரித்த முகம், நல்ல சோபா என்று இவற்றைச் சுருக்கிவிடுபவர்கள் உண்டு. விஷயம் அதைவிட ஆழமானது. ஒரே ஒரு சிகிச்சையை, ரூட் கெனாலை, எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்வதில் பொதுவாக மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் பல்லைத் திறந்து, பாதிக்கப்பட்ட திசுவை அகற்றி, தற்காலிகமாக அடைப்பார்கள். அடுத்து கால்வாய்களை முழுமையாகச் சுத்தம் செய்து நிரந்தரமாக நிரப்புவார்கள். சில நேரம் இந்த இரண்டும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். கடைசியாகப் பல்லுக்குமேல் கிரவுன், நம் வழக்கில் 'கேப்', போடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், வலி பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே குறைந்துவிடும். நோயாளியைப் பொறுத்தவரை பிரச்னை முடிந்தது. பல்லைப் பொறுத்தவரை முடியவில்லை. தற்காலிக அடைப்பு நாளாக நாளாகக் கசியும், கிருமி மறுபடி உள்ளே போகும். கேப் போடாவிட்டால், ஏற்கெனவே சொத்தையிலும் சிகிச்சையிலும் நிறைய இழந்துவிட்ட கடைவாய்ப் பல், மெல்லும் அழுத்தத்தில் பிளக்கலாம். வேர் வரை பிளந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். (முன்பற்களுக்கு எப்போதும் கேப் தேவைப்படாது. இந்தக் கணக்கு கடைவாய்ப் பற்களுக்கு.)

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு போன்ற ஐ.டி. பகுதியில் இரண்டு நாற்காலிகள் கொண்ட கிளினிக் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்கு நாமே வைத்துக்கொள்பவை. ஜனவரியில் 40 பேருக்கு ரூட் கெனால் தொடங்குகிறார்கள். 33 பேர் கால்வாய் நிரப்பும் கட்டம் வரை வருகிறார்கள். 21 பேர்தான் கேப் போடுகிறார்கள். ஒரு கேப் 6,000 ரூபாய் என்று வைத்தால், கடைசிக் கட்டத்தில் காணாமல் போன 12 பேரால் மட்டும் 72,000 ரூபாய் வரவில்லை. அதோடு, 19 பேர் வாயில் பாதியில் நிற்கும் சிகிச்சை.

இந்த எண்ணை எடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். ஜனவரியில் தொடங்கியவர்களையும் ஜனவரியில் கேப் போட்டவர்களையும் ஒப்பிட்டால் தவறான விடை வரும். இருவரும் வேறு வேறு ஆட்கள். ஜனவரியில் தொடங்கிய அதே 40 பேரை மார்ச் கடைசி வரை பின்தொடர வேண்டும். தொடங்கிய தேதி, நிரப்பிய தேதி, கேப் போட்ட தேதி என்று பதிவேட்டில் மூன்று கட்டங்கள் போதும்.

மனிதர்கள்: யார், எப்போது சொல்கிறார்கள்?

கேப் போட வேண்டும் என்பதை நோயாளி முதன்முதலில் யாரிடமிருந்து கேட்கிறார்? பல கிளினிக்குகளில், கால்வாய் நிரப்பி முடித்து, பணம் கட்டும் இடத்தில், ரிசப்ஷனிஸ்ட்டிடமிருந்து. "மேடம், அடுத்து கேப் போடணும், அதுக்குத் தனியா 6,000 ஆகும்."

தகவல் சரிதான். ஆனால் அந்த இடத்தில், அந்த ஆளிடமிருந்து வரும்போது அது மருத்துவ ஆலோசனையாகக் கேட்காது, கூடுதல் பில்லாகத்தான் கேட்கும். இதையே மருத்துவர் முதல் நாளில், எக்ஸ்-ரேயைக் காட்டி, "இந்தப் பல்லுல சுவர் ரொம்ப மெல்லிசா இருக்கு. ரூட் கெனால் பண்ணிட்டு மேல கேப் போட்டாத்தான் தாங்கும். ரெண்டும் சேர்த்துதான் சிகிச்சை" என்று சொன்னால் அதன் எடை வேறு.

ஆக, 'பீப்பிள்' என்பது ஊழியர்களுக்குப் பணிவு கற்றுக்கொடுப்பது மட்டுமல்ல. எந்தச் செய்தியை யார் சொல்வது என்று பிரிப்பது. ஏன் தேவை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை ரிசப்ஷன் சொல்லலாம். ஊசி போட்டபின் மரத்துப்போக எவ்வளவு நேரமாகும், வீட்டில் எதை மெல்லக்கூடாது என்பதை உதவியாளர் சொல்லலாம். மூவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். மருத்துவர் "ஒரு வாரத்துல வாங்க" என்று சொல்லி, ரிசப்ஷனில் "வலிச்சா வாங்க" என்று சொன்னால், நோயாளி தனக்கு வசதியான பதிலைத்தான் எடுத்துக்கொள்வார்.

செயல்முறை: தவறு ஆளிடமா, அமைப்பிலா?

இனி இரண்டாவது 'பி'. சேவையை ஒரு வரைபடமாக வரைந்து பார்க்கும் 'சர்வீஸ் புளூபிரின்ட்' முறையை லின் ஷோஸ்டாக் 1984-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் விளக்கினார். வரைபடத்தின் நடுவே ஒரு கோடு. அதற்கு மேலே வாடிக்கையாளர் பார்ப்பவை, கீழே பார்க்காதவை. பல் கிளினிக்கில் மேலே தெரியும் பல சிக்கல்களுக்குக் காரணம் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

காத்திருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலிக்கு மாலை 6 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருவர் என்று நேரம் கொடுக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம் ஆகிறது. ஆறாவது நோயாளிக்கு 8.30-க்கு நேரம். அவர் நாற்காலியில் உட்காரும்போது மணி 9.45. எழுபத்தைந்து நிமிடத் தாமதம். கோபத்தை வாங்கிக்கொள்பவர் ரிசப்ஷனிஸ்ட். கூகுள் ரிவ்யூவில் "ஸ்டாஃப் சரியில்லை" என்று வரும். ஊழியரை மாற்றினாலும் அடுத்த மாதம் அதே ரிவ்யூதான் வரும், ஏனென்றால் தவறு அட்டவணையில் இருக்கிறது.

இன்னும் ஆபத்தான உதாரணம், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதை ஆட்டோகிளேவில் வைத்து நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கழுவி, எண்ணெய் விட்டு, பையில் அடைத்து, சூடேற்றி, உலர்த்தி, ஆறவிட ஒரு மணி நேரம் என்று வைப்போம். பயன்பாட்டு நேரம் 45 நிமிடம். ஆக ஒரு ஹேண்ட்பீஸ் மறுபடி கைக்கு வர 105 நிமிடம். அதற்குள் அந்த நாற்காலிக்கு மூன்றாவது நோயாளியும் வந்துவிடுவார். ஆகவே நாற்காலிக்கு மூன்று, இரண்டு நாற்காலிக்கு ஆறு தேவை.

கிளினிக்கில் மூன்றுதான் இருக்கிறது என்றால்? வெளியே கூட்டம், உள்ளே கருவி இல்லை. உதவியாளர் என்ன செய்வார்? ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார். அது கிருமிநீக்கம் ஆகாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஊழியரின் அலட்சியம். உண்மையில் யாரும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு.

சிகிச்சை பாதியில் நிற்பதற்கும் இப்படி ஓர் எளிய செயல்முறைக் காரணம் உண்டு. "போன் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பினால் முடிவு நோயாளியின் தலையில் விழுகிறது. வலி இல்லாதவர் போன் செய்ய மாட்டார். நாற்காலியிலிருந்து எழும் முன்பே அடுத்த தேதியைக் குறித்து, முந்தைய நாள் நினைவூட்டி, வராவிட்டால் அடுத்த நாள் கிளினிக்கே அழைப்பது என்று வைத்தால், அந்தச் சுமை இடம் மாறுகிறது.

சான்று: எதைக் காட்டுவது?

பார்க்க முடியாத தரத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம்தான் பிசிக்கல் எவிடென்ஸ். பளிங்குத் தரையும் உள் அலங்காரமும் இதில் சேரும்தான். ஆனால் அவை கிளினிக்கிடம் பணம் இருக்கிறது என்பதற்கான சான்று, சுத்தத்துக்கு அல்ல.

வேலை செய்யும் சான்றுகள் மலிவானவை. கருவிப் பையை நோயாளியின் கண்முன் பிரிப்பது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த எக்ஸ்-ரேயைக் காட்டி, பிரதியைக் கொடுப்பது. முதல் நாளிலேயே ஒரு தாளில் எந்தப் பல், எத்தனை கட்டம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, கேப் உட்பட மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தருவது. வீட்டில் பணம் கொடுக்கும் கணவரோ அப்பாவோ கிளினிக்குக்கு வருவதில்லை. அவரிடம் பேசுவது அந்தத் தாள்தான்.

சான்றுக்கும் எல்லை உண்டு. கருவிப் பையில் உள்ள அடையாளம் நிறம் மாறியிருந்தால், பை சூட்டுக்குள் போய்வந்தது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்று அது சொல்லாது. அதற்கு, வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளை ஆட்டோகிளேவில் வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் இருக்கிறது. அமெரிக்காவின் சி.டி.சி. இதை வாரம் ஒருமுறையாவது செய்யச் சொல்கிறது. பையைப் பிரித்துக் காட்டிவிட்டு இந்தச் சோதனையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் காட்சி. நோயாளியாகப் போகிறவர்களும் இந்தப் பதிவேட்டைக் கேட்கலாம், தப்பில்லை.

எந்த 'பி' உடைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் கணக்கில் வராமல் போன 19 பேரையும் அழைத்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: "ஏன் வரலை?" "கேப் கட்டாயம்னு யாரும் சொல்லலையே" என்றால் மனிதர்கள். "நீங்க கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்", "போன தடவை ஒன்றரை மணி நேரம் உட்கார வெச்சுட்டீங்க" என்றால் செயல்முறை. "மொத்தம் எவ்வளவு ஆகும்னு புரியவே இல்லை" என்றால் சான்று. "இப்போ கையில காசு இல்லை" என்றால் அது பழைய நான்கில் ஒன்றான விலை. அதற்குத் தவணை முறையோ, குறைந்த விலைக் கேப்போதான் பதில். ரிசப்ஷனை அழகாக்கி அதைத் தீர்க்க முடியாது. வேறு கிளினிக்கில் கேப் போட்டுக்கொண்டவர்களைத் தனியாக எண்ண வேண்டும். அவர்கள் பல் பிழைத்துவிட்டது, இழப்பு கிளினிக்குக்கு மட்டுமே.

பிறகு, அதிகம் பேர் சொன்ன காரணத்தை மட்டும் முதலில் சரிசெய்துவிட்டு, ஏப்ரலில் தொடங்குபவர்களை ஜூன் கடைசி வரை எண்ணலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், 21 என்பது 28 ஆனாலும் எதனால் ஆனது என்று தெரியாது. எண் அசையவே இல்லை என்றால், பட்டியலில் அடுத்த காரணத்துக்குப் போக வேண்டியதுதான்.