நம்பர் மாற்றிக் கொடுத்தேனே, மெசேஜ் வரவில்லையே?

சந்தா கட்டிப் படிக்கும் சிறிய நூலகம் ஒன்றில் நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே செயலாளர் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஏறக்குறைய இப்படி:

"அன்புள்ள உறுப்பினர்களுக்கு, வணக்கம். நீங்கள் எடுத்த நூலைத் திருப்பித் தரவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பும், அந்த நாள் காலையிலும் உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வரும். செய்தி வந்தாலும் வராவிட்டாலும் நூலில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் உள்ள நாளே கெடு. நம்பர் மாறியிருந்தால் உறுப்பினர் அட்டையுடன் கவுண்டருக்கு வந்து பழைய நம்பர், புதிய நம்பர் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். நினைவூட்டல் போகும் நம்பரும் மாறிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் செய்தியில் லிங்க் எதுவும் இருக்காது. அபராதம் கட்டச் சொல்லி லிங்க் வந்தால் அது நாங்கள் அனுப்பியது அல்ல. இப்படிக்கு, செயலாளர்."

பத்து வரிகூட இல்லாத கடிதம்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

'நினைவூட்டல் போகும் நம்பரும்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் ஓடுவது கோஹா என்ற இலவச மென்பொருள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கியது அது. அதில் உறுப்பினரின் தொலைபேசி எண் ஓரிடத்தில் இருக்கும். குறுஞ்செய்தி போகவேண்டிய எண்ணுக்கு, மெசேஜ் அமைப்புகளுக்குள் `SMS number` என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் நம்பரை மாற்றினால் இரண்டாவது தானாக மாறாது. கவுண்டரில் இருப்பவர் முகவரிப் பக்கத்தில் புதிய நம்பரை அடித்து, சேமித்து, "மாத்தியாச்சு சார்" என்பார். அவர் சொன்னது உண்மைதான். செய்தி மட்டும் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும்.

பழைய நம்பர் வெறுமனே கிடக்கப்போவதும் இல்லை. கைவிட்ட செல்போன் எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு, நிறுவனங்கள் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன்பிறகு நீங்கள் எந்தப் புத்தகம் எடுத்தீர்கள் என்பது முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். நூலகத்துக்கு வரும் அறிக்கையிலோ 'சேர்ந்தது' என்றே இருக்கும். செய்தி சேர்ந்தது என்பதுதான் கணினிக்குத் தெரியும். யாரிடம் சேர்ந்தது என்பது தெரியாது. பழைய நம்பரையும் எழுதிக் கேட்பது இதற்காகத்தான். அந்த எண் எந்தெந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்து, எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடலாம். கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் ஒரே நம்பர் கொடுத்திருக்கும் வீடுகளில் மூன்று அட்டைகளையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்தே திருத்த முடியாதா? நூலகம் அனுமதித்திருந்தால் முடியும். ஆனால் இணையப் பட்டியலில் உள்ளே நுழைந்து சொந்த விவரப் பக்கத்தில் மாற்றினால், அது பெரும்பாலும் வெறும் கோரிக்கையாக ஊழியரிடம் போய் நிற்கும். அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மாறும். ஆள் குறைவான நூலகத்தில் அது எத்தனை நாள் கிடக்கும் என்பது அவரவர் ஊரின் அதிர்ஷ்டம்.

நம்பர் சரியாக இருந்தும் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. இதில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பழைய உறுப்பினர்கள். புதிதாகச் சேர்பவருக்கு, அவர் சேரும் வகைக்கு ஏற்பக் குறுஞ்செய்திக்கான டிக் தானாக விழும்படி கோஹாவில் வைக்கலாம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது விழாது. தனியாகப் போட வேண்டும். நேற்றுச் சேர்ந்த கல்லூரி மாணவிக்கு மெசேஜ் வருகிறது, இருபது வருட உறுப்பினருக்கு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முன்கூட்டிய நினைவூட்டலுக்கு ஒரு டிக், கெடு நாள் செய்திக்கு இன்னொரு டிக் என்று இரண்டு இருப்பதையும் மறக்கக்கூடாது.

'வந்தாலும் வராவிட்டாலும்' என்ற வரி கறாராகத் தெரியலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் தேவை புரியும். மார்ச் 3-ஆம் தேதி எடுத்த நூலுக்குப் பதினான்கு நாள் தவணை என்றால் கெடு மார்ச் 17. இரண்டு நாள் முன்பு, அதாவது 15-ஆம் தேதி, கணினி 'இன்னும் இரண்டு நாளில் கெடு முடியும் நூல்கள் எவை' என்று தேடிச் செய்தி அனுப்பும். அன்று பார்த்துக் கரண்ட் போய்க் கணினி ஓடவில்லை. மறுநாள் 16-ஆம் தேதி அது மீண்டும் எழும்போது தேடுவது 18-ஆம் தேதிக்கான நூல்களை. 17-க்கான முன்னறிவிப்பு விட்டது விட்டதுதான். கணினி திரும்பிப் பார்க்காது. தேதிச் சீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி செய்தியின் வாசகம். தமிழில் அனுப்ப ஆசைப்படும் செயலாளர் இங்கே கொஞ்சம் திணறுவார். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70-தான். அந்த 70-இலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'நூல்' என்ற சொல்லே நான்கு இடம். 'உங்கள் நூல் 17-03 அன்று திருப்பித் தரவேண்டும்.' என்ற வாக்கியம் இடைவெளிகளோடு 46 இடம் எடுக்கும். மிச்சம் 24. அதில் 'பொன்னியின் செல்வன்' என்று போட்டால் 18 போய்விடும். நூலகத்தின் பெயருக்கு இடமில்லை. எழுபதைத் தாண்டினால் அது இரண்டு செய்தி, இரட்டைச் செலவு. எனக்குக் கேட்டால் நூலின் பெயரை விட்டுவிடலாம் என்பேன். செலவு ஒரு காரணம். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது போனை எட்டிப் பார்ப்பவருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வாசகத்தை நினைத்தபோது மாற்றவும் முடியாது. நம் நாட்டில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்பு தன் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் தொலைபேசி நிறுவனங்களின் பதிவேட்டில் முன்பே பதிந்திருக்க வேண்டும். தேதி போன்ற மாறும் இடங்களுக்கு மட்டும் ஒரு குறி போட்டு விடுவார்கள். வார்ப்பிலிருந்து விலகிய செய்தி வழியிலேயே நின்றுவிடும். செயலாளர் பொங்கல் வாழ்த்து ஒன்றைச் சேர்த்துவிட்டால் அன்று யாருக்கும் மெசேஜ் போகாது.

உறுப்பினருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. நூலகத்தின் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. `XX-NOOLAG-S` என்பதுபோல் ஒரு பெயரிலிருந்து வரும். கடைசியில் உள்ள `S` சேவைச் செய்தியைக் குறிக்கும். விளம்பரம் என்றால் `P` இருக்கும். செயலாளர் தன் நூலகத்தின் பெயர் போனில் எப்படித் தெரியும் என்பதைக் கடிதத்தில் எழுதிவிட்டால் மோசடிச் செய்தியை அடையாளம் காண்பது எளிது. இந்தப் பெயருக்குப் பதில் அனுப்ப முடியாது என்பதையும் எழுத வேண்டும். 'நம்பர் மாறிவிட்டது' என்று அதற்கே பதில் தட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தொல்லை அழைப்பு வேண்டாம் என்று பதிந்திருப்பவர்களுக்கும் சேவைச் செய்தி வரும் என்பதால், வராததற்கு அதைக் காரணம் சொல்வதில் பொருளில்லை.

இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவது என்பதில்தான் சிக்கல். குறுஞ்செய்தியாக அனுப்பினால், நம்பர் தவறாக உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் போய்ச்சேரும்! அதனால் அச்சடித்து கவுண்டரில் ஒட்டி, அடுத்த ஒரு மாதம் இரவல் போகும் நூல்களுக்குள் ஒரு துண்டுச்சீட்டாகச் செருகிவிடுவது நல்லது. 'சேரவில்லை' என்று திரும்பிய எண்களுக்கு உரியவர்களின் கணக்கில் ஒரு குறிப்புப் போட்டு வைத்தால், அவர்கள் அடுத்தமுறை அட்டையை நீட்டும்போது திரையில் தெரியும். ஊழியர் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு, இரண்டு கட்டத்தையும் அங்கேயே திருத்திவிடலாம்.